டாலர் ஒரே இரவில் ஏறினால் உளுந்து மூட்டைக்கு எவ்வளவு ஏற்றலாம்?

சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் ஒரே கேள்வி வரும். "நேற்று ஒத்துக்கொண்ட விலையை இன்று மாற்றச் சொல்கிறார், கொடுக்கலாமா?" என்று கடைக்காரர் கேட்பார். "பழைய விலைக்கே கொடு என்கிறார்கள், கட்டுமா?" என்று இறக்குமதியாளர் கேட்பார். அப்படி ஒரு காலையில் சிங்கப்பூர்த் தேக்காவுக்குப் பக்கத்துச் சந்தொன்றில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதை வைத்தே இதை எழுதுகிறேன். எண்களை மட்டும் கணக்கு எளிதாக வரும்படி மாற்றியிருக்கிறேன்.

கடைக்காரம்மாவுக்கு வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை. அக்கம்பக்கத்துத் தோசைக்கடைகளுக்கும் சரக்குப் போடுவதால் மாதம் 80 மூட்டை உளுந்து எடுப்பார். ஒவ்வொரு மூட்டையும் 25 கிலோ. இறக்குமதியாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். பேசி வைத்திருந்த விலை, வரி நீங்கலாக மூட்டைக்கு 52.50 சிங்கப்பூர் வெள்ளி. இரவில் அமெரிக்க டாலர் 1.30 வெள்ளியிலிருந்து 1.326 வெள்ளிக்கு எகிறியது. காலையில் பாய் சொன்ன விலை 55.

"டாலர் ஏறிவிட்டது அம்மா. என் கையில் ஒன்றும் இல்லை."

"டாலர் எவ்வளவு ஏறியது பாய்? இரண்டு விழுக்காடு. நீங்கள் ஏற்றியது கிட்டத்தட்ட ஐந்து."

## எதை வைத்து எடைபோடுவது

வழிகளைப் பார்க்குமுன் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். பெரும்பாலான சண்டை, இவற்றைக் கேட்காமலேயே விலையைப் பேசுவதால் வருகிறது.

முதலாவது, எந்த நாணயம் நகர்ந்தது, பில் எந்த நாணயத்தில் இருக்கிறது? இந்தியாவிலிருந்து வரும் மளிகைச் சரக்குக்குப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில்தான் பில் போடுகிறார்கள். "ரூபாய் சரிந்தது" என்று செய்தி வந்த காலையில் சிராங்கூன் சாலை நாணய மாற்றுக் கடைகளில் வரிசை நீளும், ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு அது நல்ல நாள். உளுந்துக்கும் அந்த வரிசைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. டாலரில் போட்ட பில் ரூபாய் சரிந்ததால் ஏறாது. பில்லே ரூபாயில் இருந்தால் பாயின் செலவு குறையத்தான் செய்யும். பில் டாலரில் இருந்து, டாலருக்கு எதிராக நம் வெள்ளி இறங்கினால்தான் அவருக்கு வலி.

சிங்கப்பூர் வெள்ளி ஒரே இரவில் இரண்டு விழுக்காடு சரிவது அபூர்வம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நம் நாணய ஆணையம் வட்டியை வைத்து அல்லாமல், வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்கள் சேர்ந்த ஒரு கூடைக்கு எதிராக வெள்ளியின் மதிப்பை ஒரு வரம்புக்குள் நிர்வகிக்கிறது. 2015 ஜனவரி 28ஆம் தேதி, யாரும் எதிர்பாராமல், வழக்கமான அட்டவணைக்கு வெளியே ஆணையம் கொள்கையைத் தளர்த்தியபோதுகூட அன்றைய சரிவு ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. ஆகவே "ராத்திரியோடு ராத்திரியாக ஐந்து விழுக்காடு" என்று யாராவது சொன்னால், கைப்பேசியைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தச் சரக்குக்குப் பணம் போய்விட்டதா? கிடங்கில் இருப்பது, கடலில் வந்துகொண்டிருப்பது, இனிமேல் ஆர்டர் போடப்போவது என்று மூன்றும் மூன்று கணக்கு.

மூன்றாவது, விலையில் டாலர் எவ்வளவு இருக்கிறது? நான்காவது, டாலர் திரும்ப இறங்கினால் என்ன செய்வதாக உத்தேசம்? நான்காவதைக் கேட்டதும் பேச்சின் தொனியே மாறிவிடும்.

## மூட்டைக்குள் எத்தனை டாலர்

மூன்றாவது கேள்விதான் இந்தக் கட்டுரையின் உயிர் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பாய்க்கு உளுந்து சிங்கப்பூர்த் துறைமுகம் வரை வந்து சேர, கப்பல் கட்டணமும் காப்புறுதியும் உட்பட, டன்னுக்கு 1,200 அமெரிக்க டாலர். கிலோவுக்கு 1.20 டாலர் என்றால் 25 கிலோ மூட்டைக்கு 30 டாலர். பழைய மாற்று விகிதத்தில் அது 39 வெள்ளி. மீதி 13.50 வெள்ளி என்ன? துறைமுகத்திலிருந்து லாரி, கிடங்கு வாடகை, ஆள் கூலி, கடைக்குக் கொண்டு வந்து இறக்குவது, கடன் கொடுப்பதற்கான வட்டி, அவருடைய லாபம். இதில் எதுவும் நேற்று இரவு ஏறவில்லை. லாரிக்காரர் டாலரைப் பார்த்துக் கூலி கேட்பதில்லை.

எனவே ஏற வேண்டியது அந்த 30 டாலர் மட்டும். டாலர் 2.6 காசு ஏறியிருக்கிறது. முப்பதை 2.6ஆல் பெருக்கினால் 78 காசு. அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மூட்டைக்குள் எத்தனை அமெரிக்க டாலர் இருக்கிறதோ, டாலர் ஒரு காசு நகரும்போது மூட்டை விலை அத்தனை காசு நகர வேண்டும். உளுந்துக்கு அந்த எண் 30. மொத்த விலையான 52.50க்கும் இரண்டு விழுக்காடு போட்டால் 1.05 வெள்ளி வரும், அது அவர் லாபத்தையும் சேர்த்து ஏற்றிக்கொண்ட கணக்கு. பாய் கேட்டதோ 2.50.

இதை நான் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியபோது பாய் மறுக்கவில்லை. வேறு பக்கம் போனார்.

"வங்கியில் இன்றைக்கு 1.338 அம்மா. 1.326 இல்லை."

"நேற்று அதே வங்கியில் எவ்வளவு பாய்?"

அவர் தேடிப் பார்த்தார். 1.312.

அதாவது வித்தியாசம் அதே 2.6 காசுதான். வங்கி நமக்கு டாலரை விற்கும் விலை எப்போதும் திரையில் தெரியும் நடு விலையைவிடக் கூடுதலாக இருக்கும். நேற்றைய நடு விலையையும் இன்றைய வங்கி விற்பனை விலையையும் ஒப்பிட்டால் ஏற்றம் 3.8 காசு என்று தோன்றும். மூட்டைக்கு 36 காசு இப்படிக் காற்றிலிருந்து பிறந்துவிடும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாதிப் பேருக்குத் தாங்கள் இரண்டு வேறு விலைகளை ஒப்பிடுவதே தெரிவதில்லை.

## முதல் வழி: உடனே எல்லாச் சரக்குக்கும் புது விலை

பாயின் வாதம் இது: "இதை விற்ற பணத்தில்தானே அம்மா அடுத்த கொள்கலனை எடுக்க வேண்டும்? பழைய விலைக்கு விற்றால் அதே அளவு சரக்கு எனக்குத் திரும்ப வராதே."

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1997 நடுவில் டாலர் ஏறத்தாழ 1.43 வெள்ளியாக இருந்தது. ஆசிய நிதி நெருக்கடியில் 1998 ஜனவரிக்குள் 1.70ஐத் தாண்டியது. அந்த மாதங்களில் வாங்கிய விலையைப் பார்த்து விற்ற இறக்குமதியாளர், 100 மூட்டையின் கொள்முதல் பணத்தைக் கொண்டு 84 மூட்டைதான் திரும்ப எடுத்திருப்பார். லாபம் காட்டிக்கொண்டே முதல் கரையும். நாணயம் தொடர்ந்து ஒரே திசையில் ஓடுகிறது என்று தெரிந்தால் இந்த வழிதான் நியாயம். கிடங்கில் சரக்கே இல்லாமல், கடனில் எடுத்த பில் இன்னும் கட்டப்படாமல் இருக்கிறவருக்கும் இதுதான் சரி.

ஆனால் மறைந்திருக்கும் செலவு பாய்க்குத்தான் அதிகம். பக்கத்துத் தெருவில் பழைய இருப்பு வைத்திருக்கும் வேறொருவர் அதே உளுந்தை 52.50க்கே கொடுப்பார். அம்மா அங்கே ஒரு முறை போனால் உளுந்து மட்டும் போகாது. துவரையும் புளியும் மிளகாயும் சேர்ந்து போகும்.

கடைக்காரரின் மறைசெலவு வரியில் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளிக்குள் இருப்பதால் பொருள் சேவை வரிக்குப் பதிந்துகொள்ளாத கடை என்றால், பாய்க்குக் கட்டும் 9 விழுக்காட்டைத் திரும்பப் பெற முடியாது. அந்தக் கடைக்கு 78 காசு ஏற்றம் உண்மையில் 85 காசு.

## இரண்டாம் வழி: இருப்பு தீரும்வரை பழைய விலை

அம்மா பிடித்துக்கொண்டது இதை.

"கிடங்கில் இருக்கும் மூட்டைக்கு எப்போது பணம் அனுப்பினீர்கள் பாய்?"

"போன மாதம்."

"அப்படியானால் அது பழைய டாலர்தானே?"

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. இது நேர்மையான கேள்வி. கொடுத்த வாக்கு 52.50, அந்தச் சரக்குக்குச் செலவும் மாறவில்லை. வாக்கை மீற நேற்றிரவு மட்டும் காரணமாக முடியாது.

ஆனால் இந்த வழியை விரும்பும் கடைக்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டாலர் இறங்கும்போது இதே விதி அவர்களைக் கட்டும். அடுத்த மாதம் டாலர் 1.28க்குப் போனால், "பழைய டாலரில் வாங்கிய சரக்கு, தீரும்வரை விலை குறையாது" என்று பாய் சொல்லலாம், அதுவும் நியாயமே. ஏறும்போது இன்றைய விலை, இறங்கும்போது வாங்கிய விலை என்று ஆடுவதுதான் அநியாயம். அதை நான் இரண்டு தரப்பிலும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல், இருப்பு எவ்வளவு என்பதைக் கடைக்காரரால் பார்க்க முடியாது. "பழைய சரக்கு தீர்ந்துவிட்டது" என்று எந்த நாளும் சொல்லலாம். அதனால் இந்த வழியில் போனால் மூட்டைக் கணக்கை அன்றே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பாய் கேட்டவுடன் சொன்னார்: கிடங்கில் அம்மாவுக்காக ஒதுக்கக்கூடியது 50 மூட்டை. மீதி 30 மூட்டை சென்னையிலிருந்து வரும் கொள்கலனில் இருக்கிறது, அதற்கு இன்னும் பணம் கட்டவில்லை.

விலையை அசைக்க முடியாதபோது தவணையை அசைக்கலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 30 நாள் கடன். 80 மூட்டைக்கு 4,200 வெள்ளி. பாய்க்கு வங்கிக் கடன் ஆண்டுக்கு ஆறு விழுக்காடு என்று வைத்தால், அந்த ஒரு மாதம் அவருக்கு 21 வெள்ளி, மூட்டைக்கு 26 காசு. டாலர் ஏறிய காலையில் இறக்குமதியாளருக்கு உண்மையான நெருக்கடி பெரும்பாலும் ரொக்கம்தான், ஏனென்றால் கட்ட வேண்டிய பில் ஒரே நாளில் பெருத்துவிட்டது. "விலையை விடுங்கள், பணத்தை இன்றே தருகிறேன்" என்பதற்கு அந்தக் காலையில் தனி எடை உண்டு. கையில் ரொக்கம் இருந்தால் மட்டும். அம்மாவிடம் அன்று இல்லை.

## மூன்றாம் வழி: வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் பங்கு

இருவரும் மாதாமாதம் சந்திக்கப் போகிறவர்கள் என்றால் எனக்குப் பிடித்தது இதுதான். அடிப்படை விகிதம் ஒன்றை எழுதிக்கொள்வது. டாலர் அதிலிருந்து இரண்டு காசுக்குள் மேலே கீழே ஆடினால் விலை மாறாது. தாண்டினால், காசுக்கு 30 காசு என்று விலை இரு பக்கமும் நகரும்.

சொல்ல எளிது. ஆனால் இப்படிப் பேசியவர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்வது மூன்று இடங்களில். வரம்பைத் தாண்டினால் முதல் காசிலிருந்து கணக்கா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா? டாலர் மூன்று காசு ஏறினால் முதல் முறையில் 90 காசு, இரண்டாவதில் 30 காசு. வித்தியாசம் சின்னதில்லை. அடுத்தது, யாருடைய விகிதம்? ஒரே வங்கியின் விற்பனை விலை என்று எழுதிக்கொண்டால் போதும், எந்த வங்கி என்பது முக்கியமில்லை. கடைசியாக, எந்த நாள்? ஆர்டர் போட்ட நாளா, இறக்கிய நாளா, பணம் கொடுத்த நாளா? இன்வாய்ஸ் தேதி என்று வைத்துக்கொள்வது நல்லது. பணம் கொடுத்த நாள் என்று வைத்தால், டாலர் இறங்கும் என்று நம்பும் கடைக்காரர் பணத்தைத் தள்ளிக்கொண்டே போவார்.

பாய் தன் பங்கு ஆபத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளவும் முடியும். ஆர்டர் போடும்போதே வங்கியுடன் முன்பதிவு ஒப்பந்தம் செய்து, மூன்று மாதம் கழித்துக் கட்டவேண்டிய டாலரின் விலையை இன்றே உறுதிசெய்யலாம். அமெரிக்க வட்டி சிங்கப்பூர் வட்டியைவிட அதிகமாக இருக்கும் காலத்தில் இந்த முன்பதிவு விலை இன்றைய விலையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனாலும் வங்கி தன் இடைவெளியை எடுத்துக்கொள்ளும், கடன் வரம்போ பிணைத்தொகையோ கேட்கும். கப்பல் தாமதமானாலும் குறித்த நாளில் டாலரை எடுத்தே ஆக வேண்டும். நேற்றிரவு நடந்துவிட்ட ஏற்றத்துக்கு இது மருந்தில்லை, அடுத்த கொள்கலனுக்குத்தான்.

## நான்காம் வழி: டாலரிலேயே விலை

"மூட்டை இத்தனை டாலர், கொடுக்கும் நாளின் விகிதம்" என்பது. பாய் இதைப் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். மளிகைக்கடைக்கு இது வேண்டாம். லாரிக் கூலியும் கிடங்கு வாடகையுமான 13.50 வெள்ளிகூடத் தேவையில்லாமல் டாலராகிவிடும். மறுபடி கப்பலேற்றி வேறு நாட்டுக்கு டாலரில் விற்கிறவருக்கு மட்டும் பொருந்தும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

80 மூட்டைக்கு, வரி நீங்கலாக, பழைய விலையைவிடக் கூடுதலாக அம்மா கொடுக்க வேண்டியது:

| வழி | 80 மூட்டைக்குக் கூடுதல் | ஆபத்து யாருக்கு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| பாய் முதலில் கேட்டது (55) | 200 வெள்ளி | அம்மாவுக்கு | எப்போதும் இல்லை |
| உடனே புது விலை (53.28) | 62.40 வெள்ளி | அம்மாவுக்கு | நாணயம் ஒரே திசையில் ஓடும்போது, இருப்பு இல்லாதபோது |
| முழுவதும் பழைய விலை (52.50) | ஒன்றுமில்லை | பாய்க்கு | 80 மூட்டையும் பணம் கட்டிய சரக்காக இருந்தால் |
| இருப்புக்குப் பழையது, வருவதற்குப் புதியது | 23.40 வெள்ளி | இருவருக்கும் | மூட்டைக் கணக்கு வெளிப்படையாக இருந்தால் |
| டாலரில் விலை | நாளைப் பொறுத்தது | அம்மாவுக்கு | மறு ஏற்றுமதிக்கு |

வரம்பு வைக்கும் வழியை அட்டவணையில் சேர்க்கவில்லை. அது இந்த மாதத்து விலையைத் தீர்க்காது, அடுத்த மாதத்துச் சண்டையைத் தீர்க்கும்.

## எங்கே முடிந்தது

ஐம்பது மூட்டை 52.50க்கு, முப்பது மூட்டை 53.28க்கு. சராசரி 52.79.

"ஐம்பத்து மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, சில்லறை எதற்கு?"

"சில்லறை வேண்டாம் என்றால் ஐம்பத்திரண்டரை இருக்கிறதே பாய்."

52.80க்கு முடிந்தது. ஒரு காசு பாய்க்கு மிச்சம். அதை அவர் கவனித்தார், அம்மாவும் கவனித்தார், இருவரும் சொல்லவில்லை.

பிறகு அடுத்த மாதத்துக்கான பேச்சு. அடிப்படை 1.326, இரண்டு காசு வரம்பு, தாண்டினால் முதல் காசிலிருந்து, இன்வாய்ஸ் தேதியில் பாயின் வங்கி விலை. ஆனால் பாயின் வங்கி விலை 1.338 என்பதால் அடிப்படையையும் 1.338 என்றே எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் முதல் நாளிலேயே வரம்பில் பாதிக்குமேல் தின்றுபோயிருக்கும். நாள்காட்டித் தாளில் "உளுந்து: 1 காசுக்கு 30 காசு, ஏறினாலும் இறங்கினாலும்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"சீரகத்துக்கும் இதே முப்பதுதானே பாய்?"

"சீரக மூட்டைக்குள் டாலர் அதிகம் அம்மா. அதற்கு வேறு எண் வரும்," என்று சொல்லி, பாய் இன்னொரு தாளைக் கிழித்தார்.